மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’

ஆயாம்மாவின் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து மகள் போனில் சொல்லச் சொல்ல ஆயாம்மா தன் கோணல் எழுத்தில் எழுதிக்கொண்டது. நெய் கூடாது. பால் சேர்த்த எதுவும் கூடாது. முட்டை, இறைச்சி கூடவே கூடாது. பச்சை இலை, பழம், முளைக்கக்கூடிய முழு விதை கூடாது. வறுத்து அரைத்த பொடி பரவாயில்லை. எண்ணெயில் பொரித்தது பரவாயில்லை. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு: ‘எதைக் கொண்டுவந்தாலும் விமானத்தில் தருகிற கார்டில் எழுதிக் காட்டணும். மறைத்தால் அபராதம். விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.’

அந்தத் தாளை ஆயாம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். உருண்டைக்கு நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டாள். அது உருண்டையாக நிற்காமல் உதிர்ந்து உயிரை எடுத்தது. நாலு தடவை பாகு வைத்து, நாலாவது தடவைதான் பிடிபட்டது. பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று வைத்திருந்த விதைகளையெல்லாம் வாணலியில் கருகக் கருக வறுத்துப் பொடித்தாள். ஊறுகாயை மூன்று உறை போட்டுக் கட்டினாள். முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள் அவள். டாக்டர் சொன்னதற்கு ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் செய்து பழகிய கை.

எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் புருஷன் லாரி பார்சல் ஆபீசில் சரக்கு கட்டிக் கட்டியே தலை நரைத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே பார்சல்காரர்தான். கண்ணாடி ஜாடியைக் கட்டிக்கொடுத்தால் மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்பார். அப்படிப் போட்டும் காட்டியிருக்கிறார்.

“கறி கொஞ்சம் குடுத்துவிடலாம். போன வாரம் கூட கேட்டா பாப்பா” என்றார், ஆயாம்மா மகளிடம் புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு. மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

மிளகும் உப்பும் தடவி, புகை காட்டி, மொட்டை மாடியில் வலை போட்டு மூடிக் காயவைக்கிற இறைச்சி அது. வீட்டில் அவர் செய்கிற ஒரே சமையல்.

“கேக்கல. ‘ஞாபகம் வருது’ன்னா. அவ்வளவுதான். கதவுல என்ன ஒட்டியிருக்குன்னு கண்ணைத் திறந்து பாருங்க.”

“நான் கட்டினா எவன் கண்டுபிடிப்பான்?”

“உங்க வித்தையை லாரியோட வெச்சுக்குங்க. எனக்கு என் பொண்ணுகிட்ட போய்ச் சேரணும்.”

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாக உடனே மூடிக்கொண்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உருண்டை உதிர்கிற கவலை.

பெட்டியை அடுக்கியது முழுக்க அவர்தான். பதினொரு எவர்சில்வர் டப்பா. ஒவ்வொன்றுக்கும் மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். இருபத்துமூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவாக நிற்க வைத்தார், பார்சல் ஆபீஸ் தராசில். புறப்படுகிற விமான நிலையத்தில் கவுண்ட்டர் பெண் கேட்டாள்: “பெட்டியை நீங்களே அடுக்கினீங்களாம்மா?” ஆயாம்மா “ஆமா” என்றாள். புருஷன் அடுக்கினால் என்ன, தான் அடுக்கினால் என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று நினைத்தாள். அந்த ஒரு ‘ஆமா’ பிறகு அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தப்போகிறது.

அவள் இப்படி அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அவன் கரைக்கு வர மூன்று வாரமாகும். இரண்டு வருஷத்துக்கு முன் மகளின் இதே வயிற்றில் ஒரு பிள்ளை எட்டாம் மாசம் அசைவில்லாமல் போனது. அப்போது விசா கிடைக்கவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் முதல் ஆளாகக் கையில் வாங்கியவள், தன் மகள் தனியாகப் படுத்திருந்தபோது போனைப் பிடித்துக்கொண்டு அழுததோடு சரி. இந்தத் தடவை ஒருத்தருக்குத்தான் விசா, ஒருத்தருக்குத்தான் டிக்கெட். யார் போவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரி இதோடு ஆறாவது தடவை போகிறாளாம். பேரனின் பிறந்தநாள் வரைக்கும் சொல்லிமுடித்து, கார்டு வந்ததும் பேனாவையும் எடுத்தாள். தனக்கு மடமடவென்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டாள்.

“நீங்களும் இல்லைன்னே போடுங்கக்கா. ஆமான்னு போட்டீங்க, எல்லா டப்பாவையும் பிரிச்சு மேயுவாங்க. என் பேரனுக்குப் பால் இனிப்பு வெச்சிருக்கேன், மேக்கப் பையில. அஞ்சு தடவை போயிருக்கு. ஒருத்தன் தொட்டதில்ல.”

“என் பொண்ணு மறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“பொண்ணுங்க அப்படித்தான் சொல்லும். வாங்கித் தின்னும்போது சும்மாவா இருக்கும்?”

ஆயாம்மா அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துச் சொல்லச் சொன்னாள். சமைத்த உணவு? ஆமா. பொடி, தானியம், விதை சம்பந்தமானது? ஆமா. மூன்றாவது: இறைச்சி, பால், முட்டை? நிம்மதியாக ‘இல்லை’ போட்டாள். எண்ணெய் உருண்டைக்காகப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு ‘இல்லை’க்காகத்தானே என்று பெருமையாகக்கூட இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டாள்.

இறங்கியபோது வெளியே காலை வெயில். பாஸ்போர்ட் வரிசையில் நின்று போனை உயிர்ப்பித்தாள். மகள் ஏற்பாடு செய்திருந்த லைன் உடனே பிடித்தது. இரண்டு செய்தி. ஒன்று மகளுடையது: ‘வெளியே கம்பிகிட்ட நிக்கறேன்மா. அவசரமில்ல.’ இன்னொன்று புருஷனின் குரல் செய்தி. காதில் வைத்துக் கேட்டாள்.

“போய்ச் சேந்தியா? கோச்சுக்காத. பாப்பாவுக்குக் கொஞ்சூண்டு கறி வெச்சிருக்கேன். நீ தேடாத, உனக்குக் கிடைக்காது. வீட்டுக்குப் போனதும் சொல்றேன் எங்கன்னு. ஒருத்தன் கண்டுபிடிக்க மாட்டான்.” கடைசியில் சின்னதாக ஒரு சிரிப்பு வேறு.

அவள் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். முன்னால் இருந்தவர் நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தவன் முகத்தைப் பார்த்தான், முத்திரை குத்தினான், கார்டைத் திருப்பிக் கொடுத்து உள்ளே கை காட்டினான். கார்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’. அடியில் அவள் கையெழுத்து.

பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. கொண்டுவரக் கூடாததை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்று படம் போட்டு எழுதியிருந்தது. ஒருவர் பாதி தின்ற ஆப்பிளைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நடந்தார். ஆயாம்மாவுக்கு உயிர் வந்தது. பெட்டி வந்ததும் தரையில் சாய்த்துத் திறந்தாள். டேப்பை நகத்தால் கீறினாள். முதல் டப்பா, வறுவல். கையை அடிவரைக்கும் விட்டாள். வறுவல்தான். இரண்டாவது உருண்டை, அடிவரைக்கும் உருண்டை. மூன்றாவது டப்பாவின் டேப் கழலவே மாட்டேன் என்றது. அவர் சுற்றிய டேப். மனுஷன் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினாள். போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இந்த நேரம் டீக்கடையில் இருப்பார், போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும்.

“என்னக்கா, இங்க வெச்சு கடை விரிச்சிருக்கீங்க?” பக்கத்து சீட்டுக்காரி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

ஆயாம்மா சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மூடுங்க முதல்ல. யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப உங்களுக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் போய் இருக்குன்னு சொன்னா, பொய் எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அடுத்த ப்ளேன்ல ஏத்தி விட்ருவாங்க. பொண்ணைப் பாக்க வேணாமா?”

வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். அவள் பெட்டியை மூடினாள். பூட்டு இரண்டு தடவை நழுவியது.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. பச்சைச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி பிடித்திருந்த, காது தொங்கிய சின்ன நாய். பெட்டிகளுக்கு நடுவில் மூக்கை ஓட்டிக்கொண்டே வந்தது. ஆயாம்மாவின் பெட்டியை முகர்ந்தது.  வறுத்த பொடி நெடியில் குழம்பியதோ என்னவோ, நாய் நகர்ந்தது. இரண்டடி போய், ஆறாவது தடவைக்காரியின் வண்டிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. குரைக்கவில்லை, ஒன்றுமில்லை. உட்கார்ந்தது, அவ்வளவுதான். பச்சைச் சட்டைக்காரி நாய்க்கு ஏதோ தின்னக் கொடுத்துவிட்டு, மரியாதையாகக் கார்டைக் கேட்டாள். அதில் பேனாவால் ஒரு குறி போட்டாள். அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சோதனை வரிசையில் ஆயாம்மாவின் முறைக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள்.

அந்த ஏழு பேர் நகர்ந்த நேரத்தில் அவள் நினைத்துக்கொண்டது வார்டைப் பற்றி. வலியோடு வந்து விழுகிற பெண்களிடம் டாக்டர் வருவதற்குமுன் அவள்தான் கேட்பாள்: முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா? ஏதாவது மாத்திரை சாப்பிட்டியா? மாமியார் பக்கத்தில் நிற்கிறாள் என்று பொய் சொன்னவர்கள் உண்டு. அப்படி ஒருத்தி சொன்ன பொய்யால் விடிவதற்குள் வார்டே அல்லாடியிருக்கிறது. ‘கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு தாயி, எதுவா இருந்தாலும் சமாளிக்கலாம். பொறவு சொன்னா கஷ்டம்’ என்று எத்தனை பேரின் நெற்றியைத் தடவியிருக்கிறாள்! தனக்கென்று வரும்போது வாய் வரவில்லை. பயம் என்றால் பயம், அப்படியொரு பயம். சொன்னால் திருப்பி அனுப்புவார்களோ, சொல்லாவிட்டால் நாய் திரும்பி வருமோ. வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மகளின் வயிறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

“டிக்ளேர்?” என்றான் கையுறை போட்ட அதிகாரி, சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்ற பாவனையில் கார்டை வாங்கிக்கொண்டே. நெட்டையான ஆள்.

அவள் மூன்றாவது கேள்வியின் மேல் விரலை வைத்தாள். “தப்பு” என்றாள். அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டி, விரலால் அந்த ‘இல்லை’யை அழிப்பதுபோலத் தேய்த்தாள். “தமிழ்” என்றாள் மார்பைத் தட்டி.

அவன் அவசரப்படவில்லை. ஓரமாக இருந்த இரும்பு மேசைக்கு அழைத்துப் போய், ஒரு போனில் எண் போட்டு நடுவில் வைத்தான். அதிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “வணக்கம்மா, நான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்றதை நான் தமிழ்ல சொல்றேன், நீங்க சொல்றதை அவருக்குச் சொல்றேன். பயப்படாம பேசுங்க.”

அந்தத் தமிழைக் கேட்டதும் ஆயாம்மாவுக்கு அழுகை முட்டியது. விழுங்கிக்கொண்டு சொன்னாள்: “இறைச்சி இல்லைன்னு எழுதிட்டேன்மா. அப்ப எனக்குத் தெரியாது. பெட்டியில இருக்கு. வீட்டுக்காரர் வெச்சிருக்கார். இப்பதான் தெரியும்.”

குரல் அதை மொழிமாற்றியது. அதிகாரி கேட்டான், குரல் சொன்னது: “எங்க இருக்குன்னு கேக்கறார்.”

“தெரியாது.”

“பெட்டியை நீங்கதானே அடுக்கினீங்கன்னு கேக்கறார்.”

கவுண்ட்டர் பெண்ணிடம் சொன்ன ‘ஆமா’ இங்கே வந்து குத்தியது. “இல்ல. அவர்தான் அடுக்கினார். அங்க கேட்டப்ப நான் அடுக்கினேன்னு சொல்லிட்டேன். அதுவும் தப்புதான். எழுதிக்கச் சொல்லுங்க.”

அதிகாரி கார்டை அவள் பக்கம் திருப்பி, மூன்றாவது கேள்வியைத் திருத்திப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னான். பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டான். பதினொரு எவர்சில்வர் டப்பாவும் கருப்புக் கருப்பாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று எல்லாவற்றையும் மறைத்தன. பிறகு கத்தி எடுத்து டேப்பை அறுத்தான். ஒவ்வொரு டப்பாவையும் தட்டில் கொட்டி, கிளறி, முகர்ந்து பார்த்தான். வறுவலுக்குத் தலையசைத்தான். உருண்டையை உடைத்து, “நெய்யா?” என்று கேட்கவைத்தான். “எண்ணெய்” என்றாள் அவள், இத்தனை பதற்றத்திலும் கொஞ்சம் அழுத்தமாக. பொடியை விரலில் தேய்த்துப் பார்த்து வைத்தான். ஒரு பொட்டலத்தில் மட்டும் சரியாக வறுபடாத விதைகள் நாலைந்து முழுசாக இருந்தன. அந்தப் பொட்டலம் தொட்டிக்குப் போனது.

பதினொன்றும் முடிந்தது. இறைச்சி இல்லை.

புடவைகளை உதறினான். செருப்புக்குள் விரல் விட்டான். பெட்டியின் உள்துணியைத் தடவினான். இல்லை. கடைசியாக, பெட்டியின் அடியில் டப்பாக்களுக்கு மெத்தென்று விரித்திருந்த குழந்தை மெத்தையை எடுத்தான். பழைய புடவைகளை மடித்து மடித்து ஆயாம்மா இரண்டு மாதம் கையால் தைத்தது. நாலாக மடித்து, தூசி படாமல் வெள்ளை உறை போட்டுத் தைத்திருந்தது. அவன் கத்தியை அந்தத் தையலில் வைத்தான்.

“ஐயோ, அதை வெட்ட வேணாம்னு சொல்லுங்கம்மா. அதுல ஒண்ணுமில்ல. நான் என் கையால தைச்சது. பிறக்கப்போற பிள்ளைக்கு.”

அவன் கத்தியை எடுத்தான். மெத்தையைத் தனியே வைத்தான். முகம் இறுகியிருந்தது.

“அம்மா, அவர் சொல்றார்: இருக்குன்னு சொல்றீங்க, எங்கன்னு தெரியலைங்கறீங்க. அது கிடைக்காம பெட்டியையும் விட முடியாது, உங்களையும் வெளிய அனுப்ப முடியாது. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுங்க, நானும் கேக்கணும்ங்கறார்.”

இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

“வீட்டுக்குப் போய்ட்டியா?”

“இல்ல. ஏர்போர்ட்ல. கறி எங்க வெச்சீங்க?”

அவர் குரல் தாழ்ந்தது. “பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“ஆபீசர் இருக்கார்.”

“கறியா? என்ன கறி? நான் ஒண்ணும் வைக்கலையே!” பார்சல்காரர் கணீரென்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “என் சம்சாரத்துக்கு ஒண்ணும் தெரியாது சார். பெட்டியில ஒண்ணும் இல்ல.”

மொழிபெயர்ப்பாளரின் குரல் அதையும் வரி பிசகாமல் மாற்றியது. அதுதானே அவள் வேலை. அதிகாரியின் புருவம் ஏறியது.  ஆயாம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மனுஷன் குழி பறிக்கிறார். இரண்டு மேசை தள்ளி, ஆறாவது தடவைக்காரி விசும்பிக்கொண்டே ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பால் இனிப்பு ஒரு வெள்ளைத் தட்டில் அம்பாரமாகக் கிடந்தது.

“என்னங்க” என்றாள் ஆயாம்மா. கத்தவில்லை. “நான் இருக்குன்னு சொல்லிட்டேன். நீங்க இல்லைன்னா நான் பொய்யாயிடுவேன். திருப்பி அனுப்பிடுவாங்க. பாப்பா வெளிய தனியா நிக்கறா. போன தடவை நாம ரெண்டு பேரும் இந்தப் போனைத்தான் பிடிச்சிட்டிருந்தோம். இந்தத் தடவையும் அப்படியே பிடிச்சிட்டு இருக்கணுமா? உங்க கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரியும். பத்து நிமிஷமா இவங்களாலயே கண்டுபிடிக்க முடியல. போதும். சொல்லுங்க.”

 போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எனக்கு டிக்கெட் இல்லல்ல” என்றார். அந்தக் குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. “என் கையால ஏதாவது ஒண்ணு அவகிட்ட போய்ச் சேரட்டும்னுதான்.” பிறகு, “மெத்தைக்குள்ள. நாலு மடிப்புக்கு நடுவுல. நீ தூங்கினப்புறம் பிரிச்சு, உன் தையல் மாதிரியே திரும்ப தைச்சேன்.”

ஆயாம்மாவே மெத்தையை எடுத்தாள். தன் தையல்தான் என்று சத்தியம் பண்ணியிருப்பாள். கத்தியை வாங்க முடியாது, அதிகாரியே பதமாக அறுத்தான். நடு மடிப்பில் பொட்டலம் இருந்தது. உள்ளே காகிதம், மேலே துணி, அதற்கும் மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை, தட்டையாக, சப்பாத்திக் கட்டை போட்டுத் தேய்த்தது மாதிரி. அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான்.

“ரொம்ப நல்லாக் கட்டியிருக்கார்ங்கறார்” என்றாள் மொழிபெயர்ப்பாளர், கொஞ்சம் தயங்கி.

இறைச்சி மூடிபோட்ட தொட்டிக்குள் போனது. அவன் மெத்தையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து, கறையோ துகளோ இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். அந்த இரண்டு நிமிஷம் ஆயாம்மாவுக்கு இரண்டு ஜென்மம். பிறகு மடித்து அவள் கையில் கொடுத்தான்.

“துணி சுத்தமா இருக்கு, கொண்டுபோகலாம்ங்கறார். தேடறதுக்கு முன்னாடியே நீங்களா சொல்லிக் கார்டையும் திருத்திட்டீங்க, அதனால அபராதம் கிடையாது. எழுதாம விட்டிருந்து நாங்களே எடுத்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்ங்கறார். நீங்க போகலாம்மா. பொண்ணுக்கு நல்லபடியாப் பிறக்கட்டும். அது அவர் சொன்னதில்ல, நான் சொல்றேன்.”

திறந்த டப்பாக்களை எப்படியோ அமுக்கி மூடினாள். பார்சல்காரர் அடுக்கியதில் பாதிகூட உள்ளே போகவில்லை; மீதியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள்.

மகள் கம்பியோரம் நின்றிருந்தாள். முகம் வீங்கி, பாதம் வீங்கி, வயிறு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. ஒன்பது நாள் தாங்காது, ஐந்துதான் என்று ஆயாம்மாவின் கண் முதல் பார்வையிலேயே கணக்குப் போட்டுவிட்டது. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு நின்றார்கள். வயிற்றுக்கு நடுவில் மெத்தை அகப்பட்டுக்கொண்டது.

“ஏம்மா இவ்வளவு நேரம்? நான் பயந்தே போய்ட்டேன்.”

“ஒண்ணுமில்ல. டப்பாவைப் பாத்தாங்க.” கறியைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். இல்லாத பண்டத்தைச் சொல்லி ஆசையைக் கிளப்புவானேன். “இந்தா, இது பிள்ளைக்கு. ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, தைச்சுத் தரேன்.”

மகள் மெத்தையை வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். அப்படியே நின்றாள். மூக்கை மடிப்புக்குள் புதைத்து இழுத்தாள். மிளகும் மொட்டை மாடிப் புகையும் அதில் கொஞ்சமாக ஒட்டியிருந்தது.

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஆயாம்மாவுக்குத் தெரியவில்லை.

“அப்பா வந்திருக்காரும்மா” என்றாள் மகள், முகத்தை எடுக்காமலே.